வாழ்த்தோடு ஒரு வரி நினைவு, ஒரு கேள்வி

ஐந்தாறு வருஷமாகப் பேசாத ஒருவரிடமிருந்து திடீரென்று ஒரு மெசேஜ் வந்தால், ‘இப்போ எதுக்குப் பேசுறாங்க?’ என்றுதான் முதலில் தோன்றும். அனுப்புகிறவரின் கையைக் கட்டிப்போடுவதும் அதே கேள்விதான். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் லாரா அக்னினும் பிரிட்டனின் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் இந்தத் தயக்கத்தை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். பழைய நண்பரோடு மறுபடி பேச ஆசை இருந்தது, அவருடைய நம்பரும் கையில் இருந்தது, மெசேஜை எழுதி முடிக்க நேரமும் கொடுத்தார்கள். அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பிறந்தநாள் இந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. எதற்குப் பேசுகிறீர்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை, தேதியே சொல்லிவிடும். அந்த நாள் அவருடையது என்பதால், இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்ற கணக்கும் பின்னுக்குப் போய்விடுகிறது.

ஆனால் பெரும்பாலான வாழ்த்துகள் பேச்சைத் தொடங்குவதில்லை. ‘ஹேப்பி பர்த்டே’, ஒரு கேக் படம், பதிலுக்கு ஒரு கைகூப்பு. அத்தோடு அடுத்த வருஷம்தான். அப்படி வரும் நாற்பது வாழ்த்துகளுக்கும் அவர் ஒரே பதிலைத்தான் போடுவார். உங்கள் வாழ்த்தில் உங்களுக்கும் அவருக்கும் மட்டும் சொந்தமான எதுவும் இல்லாதபோது, அவர் வேறு என்ன எழுத முடியும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வேலை பார்த்த இரண்டு பெண்கள். இளையவர் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டார். ஏழு வருஷமாகப் பேச்சில்லை. மூத்தவரின் பிறந்தநாள் அன்று அவர் இப்படி எழுதலாம்:

“அக்கா, பிறந்தநாள் வாழ்த்துகள்! நான் பில்லிங் செக்‌ஷன்ல உங்க பக்கத்து சீட்ல இருந்த கவிதா, இப்போ ஓசூர்ல இருக்கேன். நீங்க கொண்டு வர்ற கொள்ளுப் பருப்புக்காகவே மத்தியானம் வரைக்கும் காத்திருப்போம், இன்னைக்கு ஞாபகம் வந்துச்சு. தம்பி இப்போ எத்தனாவது படிக்கிறான்?”

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. வாழ்த்து முதலில் வருகிறது. அடுத்தது தன்னை யாரென்று சொல்வது. போன் மாற்றியதில் நம்பர் அழிந்திருக்கலாம், ‘யாருங்க இது?’ என்று கேட்கும் சங்கடத்தை அவருக்குத் தரக் கூடாது. மூன்றாவது, இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு நினைவு. கடைசியில், ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. ‘லைஃப் எப்படிப் போகுது?’ என்பது கேட்கச் சுலபம், பதில் சொல்லக் கஷ்டம். பிள்ளை எத்தனாவது படிக்கிறான் என்பதற்கு யோசிக்க வேண்டியதில்லை. இதைத் தனி மெசேஜாகத்தான் அனுப்ப வேண்டும். குரூப்பில் போட்டால் வாழ்த்துகளின் வரிசையில் இதுவும் ஒன்றாகிவிடும்.

அனுப்பும் முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தேதி. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதிய தேதி வேறு, பிறந்த தேதி வேறு என்பவர்கள் ஏராளம். ஃபேஸ்புக் காட்டுவது சர்டிபிகேட் தேதியாக இருக்கலாம். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ‘அது ஸ்கூல்ல போட்ட தேதிப்பா’ என்று அவர் சொன்னாலே பேச்சு தொடங்கிவிட்டது. இன்னொன்று கொஞ்சம் கனமானது. அவருடைய பக்கத்தில் சமீபத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் துக்கம் நடந்திருக்கலாம். அவரே இல்லாமலும் இருக்கலாம்; இறந்தவர் என்று ஃபேஸ்புக்குக்கு யாரும் தெரிவிக்காதவரை, அந்தக் கணக்கின் பிறந்தநாள் நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கலாம்.

பதிலைப் படிக்கவும் தெரிய வேண்டும். வெறும் ‘நன்றி’ மட்டும் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் இன்னொரு பிறந்தநாள் வரும். ‘பையன் பிளஸ் டூ, நீ எப்படி இருக்கே?’ என்று திருப்பிக் கேட்டால் கதவு திறந்திருக்கிறது. அன்று நாலைந்து வரி பேசுங்கள், சில நாள் கழித்து ஒரு போன் போடுங்கள்.

எல்லாவற்றையும் கெடுப்பது ஒன்றுதான்: வாழ்த்தின் வாலில் ஒரு கோரிக்கை. ‘ஹேப்பி பர்த்டே அக்கா, உங்க கம்பெனியில வேக்கன்ஸி இருக்கா?’ என்று எழுதினால், வாழ்த்தே அதற்காகத்தான் என்று ஆகிவிடும். அடுத்த வருஷம் நீங்கள் மனசார வாழ்த்தினாலும் அவர் கோரிக்கையைத் தேடித்தான் படிப்பார். உதவி அவசரமாக வேண்டுமென்றால் பிறந்தநாள் வரை காத்திருக்காதீர்கள். வேறொரு நாளில், ‘ரொம்ப நாளாப் பேசல, ஒரு உதவி வேணும்’ என்று நேராகவே கேளுங்கள். அதில் மறைப்பு எதுவும் இல்லை என்பது அவருக்கும் புரியும்.