சைனஸ் தொல்லை: எண்டோஸ்கோப்பி காட்டுவதும் ஸ்கேன் காட்டுவதும்

நாள்பட்ட சைனஸைட்டிஸ் என்பது, மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளின் உட்சவ்வு 12 வாரங்களுக்கு மேல் அழற்சியோடு இருக்கும் நிலை. மூக்கடைப்பு, மூக்கிலோ தொண்டைக்குள்ளோ இறங்கும் கெட்டிச் சளி, முகத்தில் பாரம் அல்லது வலி, வாசனை தெரியாமை ஆகிய நான்கில் இரண்டாவது இருக்கவேண்டும். அவற்றில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருப்பது அவசியம். தலைவலி மட்டும் இருந்தால் சைனஸ் என்று முடிவுகட்ட முடியாது. ‘சைனஸ் தலைவலி’ என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் பலருக்கு உண்மையில் இருப்பது ஒற்றைத் தலைவலி. இந்த அறிகுறிகளோடு, நேரில் பார்த்த சான்றும் சேர்ந்தால்தான் நோய் உறுதியாகும். அந்தச் சான்றைத் தருபவை நாசி எண்டோஸ்கோப்பியும் சி.டி. ஸ்கேனும்.

எண்டோஸ்கோப்பிக்கு மயக்க மருந்து தேவையில்லை. வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் தோய்த்த பஞ்சை மூக்கில் சில நிமிடங்கள் வைத்து எடுத்தபின், ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் உள்ளே போகிறது. மருத்துவரின் கவனம் முக்கியமாக நடு மடிப்புக்கு அடியிலுள்ள இடுக்கில்தான். கன்னம், நெற்றி, கண்ணுக்கு இடையிலுள்ள முன்புற அறைகள் எல்லாம் வடிவது அங்கேதான். அங்கே சீழ் வழிந்தாலோ, சவ்வு பொதபொதவென்று வீங்கியிருந்தாலோ, பாலிப் தொங்கினாலோ சந்தேகத்துக்கு இடமில்லை. சீழை உறிஞ்சியெடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்பலாம்.

பாலிப் வெளிறிய சாம்பல் நிறத்தில், உரித்த திராட்சை போல இருக்கும், தொட்டாலும் வலிக்காது. மூக்கின் கீழ் மடிப்போ இளஞ்சிவப்பு நிறத்தில், தொட்டால் உணர்ச்சியோடு இருக்கும். அது எல்லோருக்கும் உள்ள உறுப்பு. ஒவ்வாமையில் வீங்கும்போது ‘சதை வளர்ந்திருக்கிறது’ என்று தவறாகச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் அதுதான்.

குழாயால் அறைகளின் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. அந்தக் குறையைத் தீர்ப்பது சி.டி. ஸ்கேன். காற்று நிறைந்த அறை கறுப்பாகவும், வீங்கிய சவ்வும் சளியும் சாம்பல் நிறமாகவும் தெரியும். எலும்புச் சுவர் தடித்திருந்தால் அழற்சி நெடுநாளையது என்று ஊகிக்கலாம். ஆனால் ஸ்கேன் எளிதில் ஏமாற்றும். சாதாரண ஜலதோஷம் பிடித்தவர்களை ஸ்கேன் செய்த 1994ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றில், பெரும்பாலோரின் கன்ன அறைகளில் மாற்றம் தென்பட்டது. மறுபடி எடுத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு, ஆன்டிபயாட்டிக் இல்லாமலேயே, இரண்டு மூன்று வாரங்களில் அது தெளிந்தோ வெகுவாகக் குறைந்தோ இருந்தது. ஆகவே சளி பிடித்த வாரத்தில் எடுக்கும் ஸ்கேனை நம்பி நாள்பட்ட நோய் என்று சொல்வது சரியல்ல. ரிப்போர்ட்டில் ‘மூக்குத்தண்டு வளைவு’ என்று இருப்பதும் அப்படித்தான். தொல்லையே இல்லாத பலருக்கும் தண்டு வளைந்தே இருக்கிறது.

ஸ்கேனை மதிப்பிட லண்ட்–மக்கே என்ற மதிப்பெண் முறை உண்டு. ஒவ்வொரு அறைக்கும் தெளிவானால் 0, பாதி நிறைந்தால் 1, முழுதும் நிறைந்தால் 2; வடிகால் வழி அடைபட்டால் 2. இரு பக்கமும் சேர்த்து அதிகபட்சம் 24.

ஒருவருக்கு இடது மூக்கில் மட்டும் நான்கு மாதமாக நாற்றமடிக்கும் சளி என்று வைத்துக்கொள்வோம். குழாய் விட்டுப் பார்த்தால் இடது நடு இடுக்கில் சீழ், வலப்பக்கம் சுத்தம். ஸ்கேனில் இடது கன்ன அறை முழுதும் நிறைந்திருக்கிறது (2), வடிகால் அடைத்திருக்கிறது (2), பக்கத்து அறையில் பாதி (1). மொத்தம் 5 மட்டுமே. எண் சிறியதென்று விட்டுவிட்டால் விஷயம் தவறிப்போகும். ஒரு பக்கத்தில் மட்டும் வரும் நோய்க்குப் பல், பூஞ்சை உருண்டை, கட்டி ஆகியவற்றில் ஏதேனும் காரணமா என்று தேடியே ஆகவேண்டும். இவருக்கு வேர் சிகிச்சை செய்த மேல் கடைவாய்ப்பல்லின் நுனியைச் சுற்றிக் கறுப்பு வளையம். அறையின் அடித்தளத்தில் எலும்பு அரித்திருக்கிறது. பல்லைக் கவனிக்காமல் எத்தனை ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் சீழ் திரும்ப வரும். பல் சிகிச்சைக்குப் பிறகும் அறை தெளியாவிட்டால் வடிகாலை அறுவைசிகிச்சையால் திறக்கலாம்.

மற்றவர்களுக்கு முதலில் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், ஸ்டீராய்டு ஸ்பிரேயும்தான். அவற்றை இரண்டு மாதமாவது ஒழுங்காகச் செய்தும் தொல்லை குறையாமல், எண்டோஸ்கோப்பியிலோ ஸ்கேனிலோ நோயும் தெரிந்தால்தான் அறுவைசிகிச்சைப் பேச்சு. அறிகுறி இல்லாத ஸ்கேனுக்கும், ஸ்கேன் தெளிவாக உள்ள தலைவலிக்கும் கத்தி வேண்டியதில்லை. கண் வீங்கிப் பார்வை மங்கினாலோ, தொற்று மூளைப்பக்கம் போனாலோ, ஊடுருவும் பூஞ்சை இருந்தாலோ காத்திருக்கக் கூடாது.

அறுவைசிகிச்சையும் எண்டோஸ்கோப் வழியேதான். முகத்தில் வெட்டு விழாது. கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவே காகிதம் போன்ற எலும்புதான் இருக்கிறது. மூளையின் அடித்தளமும் மிக அருகில். ஒருவருக்கு அந்தத் தளம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, சுவரில் இடைவெளி உண்டா என்பதை மருத்துவர் முன்கூட்டியே ஸ்கேனில் பார்த்துவைக்கிறார். திறப்பு பெரிதானால் கழுவும் நீரும் மருந்தும் உள்ளே எட்டும். அழற்சியின் மூலகாரணம் மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் பாலிப் உள்ளவர்களுக்கு, குறிப்பாக ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தால், அது திரும்ப வளரக்கூடும். ஸ்பிரேயும் உப்புநீரும் அறுவைசிகிச்சைக்குப் பின்னும் தொடரவேண்டும்.