செழித்த காடும் ஏழை மண்ணும்

வானளாவிய மரங்கள் அடர்ந்த மழைக்காட்டைக் காண்பவர், அதன் மண் பொன் விளையும் மண்ணாகவே இருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அக்காட்டை வெட்டிப் பயிரிட்டால், முதலாண்டு நன்கு விளையும் நிலம் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே சோர்ந்துவிடுகிறது. இது ஏன்?

வெனிசுவேலா நாட்டின் தென்கோடியில், ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் சான் கார்லோஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் அமேசான் காடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை. நெடுங்காலமாகப் பெய்த மழை, பாறையிலிருந்து பிரிந்த சுண்ணாம்பையும் சாம்பல் சத்தையும் கழுவிச் சென்றுவிட்டது. எஞ்சியிருப்பது அலுமினியமும் இரும்பும் மிகுந்த அமில மண். அதன் களிமண்ணுக்கோ சத்துகளைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைவு.

அப்படியானால் மரங்கள் எதை உண்டு வாழ்கின்றன? தாம் உதிர்த்த சருகையே உண்டு வாழ்கின்றன! அங்கே மெல்லிய வேர்கள் நிலத்தின் மேலேயே பாய்போலப் பின்னிக் கிடக்கின்றன. சில இடங்களில் ஒரு சாண் கனத்துக்கும் மேல். வேர்களோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளும் உண்டு. சருகு மட்கும்போதே அதன் சத்துகளை வேர்கள் வாங்கிக்கொள்கின்றன. ஸ்டார்க், ஜோர்டன் என்னும் ஆய்வாளர்கள் கதிரியக்கமுள்ள கால்சியத்தையும் பாஸ்பரஸையும் இவ்வேர்ப்பாயின்மேல் தெளித்துப் பார்த்தனர். ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் அடியிலிருந்த நீரில் சேரவில்லை என்று 1978-இல் அறிவித்தனர்.

இனி, காட்டை வெட்டி எரித்தால் என்ன நேரும் என்று பார்ப்போம். தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. மற்றவை சாம்பலாக நிலத்தில் விழுகின்றன. சாம்பல் மண்ணின் அமிலத்தைத் தணிப்பதால், முதலாண்டு மரவள்ளி நன்றாக வளர்கிறது. ஆனால் சத்தைத் தடுத்து நிறுத்திய வேர்ப்பாய் இப்போது இல்லை. சாம்பல் சத்து மழையில் கரைந்து இறங்குகிறது. சாம்பலின் வலிமை குன்றக் குன்ற அமிலம் திரும்புகிறது. அப்போது அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. மண்ணைச் சோதித்தால் மொத்த மணிச்சத்து இருக்கும். ஆனால் பயிரின் வேருக்கு அது கிட்டாது. பூட்டிய களஞ்சியத்தின் முன் பசித்து நிற்பவன் நிலைதான் பயிருக்கும்.

எல்லா மழைக்காட்டு மண்ணும் இத்தகையதன்று. ஜாவாவின் எரிமலை மண்ணும், அமேசான் ஆறு வண்டல் படிய விடும் கரைகளும் வளமானவை. ஏழை மண்ணிலும், சிறு துண்டு நிலத்தைத் திருத்திச் சில ஆண்டுகள் பயிரிட்டுவிட்டு நெடுங்காலம் தரிசாக விடும் அமேசான் பழங்குடியினர் காட்டை அழிப்பதில்லை. சுற்றியுள்ள மரங்களின் விதைகள் வந்து முளைக்கின்றன. எஞ்சிய வேர்கள் துளிர்க்கின்றன. சருகு மீண்டும் சேர்கிறது. பெருநிலப்பரப்பை எந்திரத்தால் வழித்தெடுக்கும்போதோ, வேரும் விதையும் மேல்மண்ணும் சேர்ந்தே போகின்றன. அங்கே சுழற்சியை மறுபடி தொடங்கிவைக்க எதுவும் மிஞ்சுவதில்லை.