மூச்சைத் தனியே பிரிக்காதீர்கள்

நீச்சல் வகுப்புகளில் பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்கிப் பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவரருகே நன்றாகவே வரும். ஃப்ரீஸ்டைல் நீந்தத் தொடங்கியதும் அதே பிள்ளை தலையை மேலே தூக்கும். உடனே இடுப்பு அமிழும், கால்கள் தாழும், நாலு வீச்சில் நின்றுவிடும்.

பிள்ளைமேல் தவறில்லை, வெட்டிய இடம்தான் தவறு. கை நீரை இழுக்கும்போது உடம்பு உருள்கிறது. அந்த உருளலோடு சேர்ந்துதான் வாய் நீருக்கு வெளியே வருகிறது. சுவரைப் பிடித்து நிற்பவருக்கு உருளலே கிடையாது. ஆகவே அங்கே பழகுவது வேறொரு அசைவு.

ஒரு செயலின் பாகங்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னியிருந்தால் முழுசாகவும், பாகங்கள் பலவாகி பிணைப்பு தளர்ந்திருந்தால் பிரித்தும் பழகலாம் என்பது 1963இல் நேய்லர், பிரிக்ஸ் இருவரும் முன்வைத்த கருத்து. காலடி ஓரளவு தளர்ந்த பாகம். பலகையைப் பிடித்துத் தனியே பழகலாம். கையையும் மூச்சையும் பிரிக்கக் கூடாது. பிரிக்காமலே எளிதாக்க வழி உண்டு: ஒரு கை முன்னே பலகையில் இருக்கட்டும், கால்கள் அடிக்கட்டும், மறு கை மட்டும் இழுக்கட்டும். அது தொடையை நெருங்கும்போது மூச்சு. நீச்சல் கண்ணாடியில் ஒரு கண் நீருக்குள்ளேயே இருந்தால் சரி. இரண்டும் வெளியே தெரிந்தால் தலை தூக்கப்படுகிறது என்று பொருள். பத்துப் பன்னிரண்டு மீட்டர் இப்படிச் சென்றதும், அதே வகுப்பிலேயே பலகையை எடுத்துவிட்டு முழு நீச்சலுக்கு விட்டுவிடுவேன்.