சுருட்டும் பைப்பும்: உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லையா?

"நான் புகையை உள்ளே இழுக்கறதே இல்லப்பா" என்பார் சுருட்டு பிடிக்கும் என் மாமா. அதில் பாதிதான் உண்மை.

சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை கொண்டது. அதன் நிக்கோட்டின் ரத்தத்தில் ஏற, புகை நுரையீரல் வரை போகணும். சுருட்டு, பைப் புகை பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. வாயின் உட்சவ்வு வழியாகவே நிக்கோட்டின் ஏறிவிடும். இழுக்கத் தேவையில்லாமல் போவது அதனால்தான்.

இழுக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சிகரெட்டைவிடக் குறைவு; புகைக்காதவரைவிட அதிகம். ஆனால் வாயும் தொண்டையும் நேரடியாகப் புகையில் ஊறுகின்றன. எச்சிலோடு விழுங்குவது உணவுக்குழாயையும் தொடுகிறது. பைப்பில் உதட்டுப் புற்றும் சேரும்.

சுருட்டுப் பிரியர் சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு 1923இல் மேலண்ணத்தில் புற்று. 1939இல் இறக்கும்வரை 30க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள்.

மாமாவிடம் இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: "வாய்ல ஆறாத புண் ஏதாவது இருக்கா?"