ஒரு புகைப்படம், 32 படிகள், ஒரு பழைய பிளேஸ்டேஷன்

சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் ஓடிய விளையாட்டுகளின் காட்சிகளை இன்றைய திரையில் நிறுத்திப் பார்த்தால், நிழல் விழும் இடங்களிலும் நிறம் மெல்ல மாறும் பரப்புகளிலும் ஒழுங்கான பொடிப் புள்ளிகள் தெரியும். அதற்குப் பெயர் டிதரிங். அந்தப் புள்ளிகளுக்காகவே பழைய காட்சிகளை விரும்புகிறவர்கள் இன்று பலர் உண்டு. தாங்கள் எடுத்த புகைப்படத்தையும் அதே தோற்றத்துக்கு மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் செயலியில் ஒரு ஃபில்டரைத் தட்டினால் பெரும்பாலும் கிடைப்பது மங்கலான படம்தான். அந்தக் கருவி நிறத்தை எப்படிக் கையாண்டது என்று தெரிந்துகொண்டால், அந்தத் தோற்றத்தை வீட்டுக் கணினியிலேயே இலவசமாகக் கொண்டுவரலாம்.

பிளேஸ்டேஷனில் படத்துக்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் 1 மெகாபைட் மட்டுமே. திரையில் தெரியும் படம், அடுத்து வரையப்படும் படம், சுவருக்கும் தரைக்கும் ஆடைக்கும் ஒட்ட வேண்டிய படத்துண்டுகள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அதனால் வரையும் காட்சியில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 5 பிட்தான் கொடுத்தார்கள். ஒரு நிறத்துக்கு 32 படிகள். மூன்றையும் கலந்தால் 32,768 நிறங்கள். இன்றைய கைபேசிப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் இருக்கின்றன. அதாவது, இன்று 8 படிகளாகப் பிரியும் இடத்தில் அன்று ஒரே படிதான் இருந்தது.

அந்த இழப்பு முதலில் தெரிவது வானத்தில்தான். அந்தி வானத்தின் நீலம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல வெளுக்கும். அதை 32 படிகளில் அடக்கினால், அந்த மென்மை போய்ப் பட்டை பட்டையாக நிற்கும். பட்டைகளின் விளிம்பு கண்ணை உறுத்தும். அந்த விளிம்பைக் கலைப்பதற்குத்தான் டிதரிங்.

பிளேஸ்டேஷனின் வரைகலைச் சில்லு 4-க்கு 4 என்ற ஒரு சிறிய கட்டத்தை வைத்திருந்தது:

```
-4  +0  -3  +1
+2  -2  +3  -1
-3  +1  -4  +0
+3  -1  +2  -2
```

இந்தக் கட்டம் திரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். ஒரு புள்ளி எந்த இடத்தில் விழுகிறதோ, அந்த இடத்து எண்ணை அதன் நிற அளவோடு கூட்டி, பிறகு 8-ஆல் வகுத்து மீதியை விட்டுவிடுவார்கள். வானத்தில் ஓரிடத்தில் நீலத்தின் அளவு 104 என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தின் 16 இடங்களில் எட்டில் கழித்தல் எண்கள் இருக்கின்றன. அங்கே விடை 12. மற்ற எட்டில் பூஜ்யமோ கூட்டல் எண்ணோ இருப்பதால் விடை 13. பாதிக்குப் பாதி. நீலம் 102 ஆக இருந்தால் 16-இல் 4 புள்ளிகள் மட்டும் 13-க்கு ஏறும். 106 ஆனால் 12 புள்ளிகள் ஏறும். 108-இல் எல்லாமே 13. ஆக, 12-க்கும் 13-க்கும் இடையில் நிறம் ஏதும் இல்லாவிட்டாலும், புள்ளிகளின் விகிதம் மாறுவதால் இடைநிறம் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. செய்தித்தாள் புகைப்படத்தில் கறுப்பு மையை மட்டும் வைத்துச் சாம்பல் நிறத்தைக் காட்டுவதும் இதே வழியில்தான்.

அன்றைய டப்பா டிவிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மஞ்சள் பின் கேபிள் வழியாக வந்த படம் சற்றுக் கலங்கி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். அதனால் வீட்டில் விளையாடியவர்களுக்குப் புள்ளிகள் அவ்வளவாகத் தெரியவில்லை. இன்றைய துல்லியமான திரைதான் அவற்றைத் தனித்தனியாகக் காட்டுகிறது.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்: விளக்கு எரியத் தொடங்கிய ஒரு தெரு, மேலே அந்தி வானம், அளவு 4000-க்கு 3000 பிக்சல். இதற்கு இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் ஒரே ஒரு கட்டளை போதும்:

```
magick theru.jpg -resize 320x240^ -gravity center -extent 320x240 -ordered-dither o4x4,32 -scale 400% theru.png
```

வேலை நடக்கும் வரிசைதான் இதில் முக்கியம். முதலில் படம் 320-க்கு 240 ஆகச் சுருங்குகிறது. பிளேஸ்டேஷன் விளையாட்டுகளில் அதிகம் புழங்கிய அளவுகளில் இதுவும் ஒன்று. சுருங்கும்போது பழைய படத்தின் சுமார் 156 பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. இருட்டில் எடுத்த படத்தில் இருக்கும் இரைச்சலும் அப்போதே அடங்கிவிடும். அடுத்து, 4-க்கு 4 கட்டத்தை வைத்து ஒவ்வொரு நிறமும் 32 படிகளுக்கு இறங்குகிறது. மென்பொருளின் கட்டத்தில் எண்களின் அடுக்கு பிளேஸ்டேஷனுடையதோடு அச்சு அசலாக ஒத்துப்போகாது. ஆனால் வேலை செய்யும் முறை ஒன்றுதான். கடைசியில் ஒவ்வொரு புள்ளியும் நான்குக்கு நான்காகப் பெருத்து, படம் 1280-க்கு 960 ஆகிறது.

இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும். பெரிய படத்திலேயே டிதரிங் செய்துவிட்டுப் பிறகு சுருக்கினால், புள்ளிகள் சராசரியாகிக் காணாமல் போகும். அல்லது வானத்தில் வேண்டாத அலையலையான கோலம் எழும். பெரிதாக்கும்போது மென்மைப்படுத்தும் முறையைத் தேர்ந்தால் புள்ளிகளின் ஓரம் மங்கி, இடையிடையே புது நிறங்கள் முளைக்கும். இதைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம். நிறங்களை எண்ணச் சொல்வதே சரியான வழி:

```
magick identify -format "%k" theru.png
```

பெரிதாக்கும் முன்னும் பின்னும் இந்த எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். கூடியிருந்தால் எங்கோ மங்கல் புகுந்துவிட்டது என்று பொருள். பெரிதாக்கும் அளவும் 2, 3, 4 என்று முழு எண்ணாகவே இருக்கட்டும். 320-ஐ 1000 ஆக நீட்டினால் சில புள்ளிகள் மூன்று பிக்சல் அகலத்திலும் சில நான்கு பிக்சல் அகலத்திலும் நிற்கும், கட்டம் கோணல்மாணலாகிவிடும்.

32 படிகளில் வந்த படத்தைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோவதும் உண்டு. புள்ளிகள் அவர்கள் எதிர்பார்த்த அளவுக்குத் துருத்தித் தெரியாது. உண்மையில் பிளேஸ்டேஷனின் டிதரிங் அவ்வளவு மெல்லியதுதான். புள்ளிகள் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் 32-ஐ 16 ஆகவோ 8 ஆகவோ குறைக்கலாம். அழகுக்காக அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் அது பிளேஸ்டேஷனின் அளவைத் தாண்டிய மிகை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்தச் சில்லு எல்லாவற்றுக்கும் டிதரிங் செய்யவில்லை. நிழல் ஏற்றிய முப்பரிமாண உருவங்களுக்கு மட்டுமே செய்தது. தட்டையாக ஒட்டிய படங்களை அப்படியே விட்டுவிட்டது. 1996-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் விளையாட்டின் மாளிகை அறைகள் முன்கூட்டியே தயாரித்து வைத்த படங்கள். அவற்றின் மேல்தான் முப்பரிமாணப் பாத்திரங்கள் நடந்தன. இப்படிப்பட்ட பின்னணிப் படங்களில் புள்ளிகள் வேண்டுமானால், படத்தைத் தயாரிக்கும்போதே சேர்த்தாக வேண்டும். நம் தெருப் படமும் அத்தகைய பின்னணிதான். அதன் மேல் ஓர் உருவத்தை நிறுத்த நினைப்பவர்கள், 320-க்கு 240 அளவில் உருவத்தைச் சேர்த்த பிறகு டிதரிங் செய்தால் இரண்டும் ஒரே கட்டத்தில் பொருந்தி நிற்கும்.

முடிந்த படத்தை PNG கோப்பாகவே வைத்திருங்கள். JPEG ஆகச் சேமித்தால் இந்தப் பொடிப் புள்ளிகளைத்தான் அது முதலில் சிதைக்கும். வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்பும்போதும் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள்.