விடை எந்த எண்ணில் ஒளிந்திருக்கிறது?

"தெரியாத கேள்விக்கு இரண்டைப் போடு." தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் தந்திரம் இது. கேலியாகத் தோன்றினாலும் இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் மாணவரிடம் இல்லை, கேள்வித்தாளைத் தயாரிப்பவரிடம் இருக்கிறது.

தேக்கா வட்டாரத்தில் துணைப்பாட வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியர், தொடக்கநிலை ஆறாம் வகுப்புக்கு அறிவியல் பயிற்சித்தாள் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெரிவுவிடைக் கேள்விகள் 20. ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவுகள், இரண்டு மதிப்பெண்கள். சரியான விடையை முதலிலேயே வைத்தால் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. கடைசியில் வைக்கவும் மனம் வரவில்லை. அதனால் விடை நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் யிகல் அட்டாலியும் மாயா பார்-ஹில்லெலும் 2003ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கேள்வி எழுதுபவர்கள் விடையை நடுவில் மறைக்கிறார்கள், ஊகிப்பவர்களும் அதை நடுவில்தான் தேடுகிறார்கள்.

நம் ஆசிரியரின் விடைப்பட்டியலை எண்ணிப் பார்த்தால் (1) இரண்டு முறை, (2) எட்டு முறை, (3) ஏழு முறை, (4) மூன்று முறை வந்திருக்கிறது. கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் இரண்டைப் போட்ட மாணவர் 40க்கு 16 வாங்கிவிடுவார். குருட்டு ஊகத்துக்குச் சராசரியாகக் கிடைக்க வேண்டியது 10தான்.

சமமாகப் பிரித்தால் போதுமா?

அப்படியானால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஐந்து விடைகள் என்று பிரித்துவிடலாமே? பலரும் செய்வது இதைத்தான். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு.

ஒரு மாணவருக்கு 14 கேள்விகளுக்கு விடை நிச்சயமாகத் தெரியும். தாம் எழுதியதை அவர் எண்ணிப் பார்க்கிறார். (1), (2), (3) ஒவ்வொன்றும் நான்கு முறை வந்திருக்கின்றன. (4) இரண்டு முறைதான் வந்திருக்கிறது. மொத்தம் ஐந்தைந்து என்றால், மீதமுள்ள ஆறு கேள்விகளில் மூன்றுக்கு விடை (4) ஆகத்தான் இருக்க வேண்டும். ஆறுக்கும் நான்கைப் போட்டால் மூன்று சரியாகிவிடும், 6 மதிப்பெண்கள் கிடைக்கும். குருட்டு ஊகத்தில் சராசரியாகக் கிடைப்பதோ 3தான். அந்தக் கூடுதல் மதிப்பெண்களுக்கும் அறிவியலுக்கும் சம்பந்தமில்லை.

இது வெறும் கணக்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வில் விடைகள் இப்படிச் சமன்செய்யப்படுவதை அதே இரு ஆய்வாளர்களும் 2002ல் எடுத்துக்காட்டினார்கள். இதை அறிந்த மாணவர் சராசரியாக 10 முதல் 16 புள்ளிகள் வரை கூடுதலாகப் பெறலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். விடைகளைச் சமன்செய்யாமல் குலுக்கிப் போட வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன தீர்வு.

சீட்டுக் குலுக்கும் முறை

1 முதல் 4 வரை எழுதிய நான்கு சீட்டுகளை ஒரு பையில் போடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சீட்டை எடுத்து, விடையை அந்த எண்ணில் வையுங்கள். பிறகு சீட்டைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். திரும்பப் போடுவதுதான் முக்கியம். ஐந்தைந்தாக 20 சீட்டுகள் எழுதி ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்த்தால், பழைய சமநிலையே வேறு வழியில் வந்து சேரும்.

இப்படி எடுக்கும்போது (3), (3), (3) என்று ஒரே எண் தொடர்ந்து வரும். ஆசிரியரின் கை அதை மாற்றத் துடிக்கும். மாற்றக்கூடாது. 20 கேள்விகளில் இப்படி மூன்று சேர்ந்து வருவது சராசரியாக ஓர் இடத்திலாவது நிகழக்கூடியதுதான். அதை எப்போதும் மாற்றினால், "இரண்டு முறை வந்த எண் மூன்றாவது முறை வராது" என்ற புதிய துப்பு மாணவருக்குக் கிடைத்துவிடும்.

விடைகள் எண்களாக இருந்தால் சற்றுக் கவனம் வேண்டும். அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவது வழக்கம். விடை 24, சீட்டில் வந்தது (1) என்றால், மற்ற மூன்றும் 24ஐவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அவை மாணவர்கள் உண்மையிலேயே செய்யும் தவறுகளிலிருந்து பிறந்தவையாகவும் இருக்க வேண்டும். அப்படிக் கிடைக்காவிட்டால் சீட்டை விட்டுவிட்டு நல்ல தெரிவுகளை வைத்துக்கொள்வதே மேல். பொருந்தாத எண்ணைத் திணித்தால் அதுவே மாணவருக்கு வழிகாட்டிவிடும். "மேற்கண்ட எதுவுமில்லை" போன்ற தெரிவு கடைசியில்தான் நிற்கும், அதை இடம் மாற்ற முடியாது. ஆகவே அதைத் தவிர்ப்பது நல்லது.

கடைசியாக ஒரு சோதனை. தெரிவுகளை இடம் மாற்றும்போது விடைப்பட்டியல் பழையபடியே நின்றுவிடுவதுண்டு. "(1)உம் (3)உம் சரி" என்ற தெரிவும் அர்த்தம் மாறிவிடும். பட்டியலைப் பார்க்காத மற்றோர் ஆசிரியர் தாள் முழுவதையும் எழுதிப் பார்த்தால் இந்தப் பிழைகள் அச்சுக்குப் போகும் முன்பே அகப்பட்டுவிடும்.