கூட்டுக் கிணற்றுப் பேச்சுக்கு ஓர் அழைப்புக் கடிதம்



நாமகிரிப்பேட்டைச் சுற்றுவட்டாரத்திலே மஞ்சள் போட்டவர்களுக்கு ஆவணி மாதம் வந்துவிட்டால் தண்ணீர்க் கவலை வந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் கூட்டுக் கிணற்றுச் சண்டையும் வரும். சண்டையைப் பேசித் தீர்க்கலாம் என்று பெரியவர் ஒருவர் முன்வருகிறார். ஆனால் அவர் எழுதுகிற முதல் கடிதமே சண்டையைப் பெரிசாக்கிவிடுவதும் உண்டு. அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஒரு பேச்சுக்கு மேல்காட்டுக்காரர், கீழ்காட்டுக்காரர் என்று இரண்டு பங்காளிகளை வைத்துக்கொள்வோம். கிணறு பொது, ஆளுக்குப் பாதி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. காலையில் நாலு மணி நேரம் மோட்டார் ஓடினால் அடி தட்டிவிடும், மறுபடி ஊறுவதற்குச் சாயந்தரம் ஆகிவிடும். போன கோடையில் மேல்காட்டுக்காரர் தன் கைக்காசைப் போட்டுக் கிணற்றுக்குள் சைடு போர் போட்டார். ஊற்று கூடிவிட்டது. "கூடின தண்ணீர் என் காசில் வந்தது" என்று அடுத்தவர் முறை நாளிலும் சாயந்தரத்தில் மோட்டார் போடுகிறார். "கிணறு பொது, அதில் ஊறுகிறதும் பொது" என்று கீழ்காட்டுக்காரர் மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். இரண்டு பேர் மஞ்சளும் வாடுகிறது.

இப்போது ஊர்ப் பெரியவர் கீழ்காட்டாருக்கு மட்டும் இப்படி ஒரு சீட்டு அனுப்புகிறார்: "நீர் பொது மோட்டார் ரூமைப் பூட்டியது சம்பந்தமாக வரும் ஞாயிறு விசாரணை. தவறாமல் ஆஜராகவும். வராவிட்டால் ஊர் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும்."

மூன்றே வரிதான். அதற்குள் எத்தனை கோளாறு, பாருங்கள். பூட்டியது குற்றம் என்று விசாரிக்கும் முன்பே எழுதியாகிவிட்டது. பூட்டுக்கு முன்னால் நடந்த சாயந்தர மோட்டார் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'விசாரணை', 'ஆஜர்' எல்லாம் கோர்ட்டும் போலீசும் பேசுகிற பேச்சு. கடைசி வரியோ மிரட்டல். இதைப் படித்தவர் வந்தாலும் பத்து ஆளைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். கட்டப்பஞ்சாயத்து சட்ட விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் 2011-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே கண்டித்துச் சொல்லியிருக்கிறது. அபராதம் போடுவதற்கோ, ஊரை விட்டுத் தள்ளி வைப்பதற்கோ யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆகவே நடுவர் செய்யக்கூடியது கூப்பிடுவது ஒன்றுதான். அந்தக் கூப்பிடுகிற கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்புக்குரிய கீழ்காட்டாருக்கும் மேல்காட்டாருக்கும் வணக்கம். பெயர்களை அகர வரிசைப்படி எழுதியிருக்கிறேன். இருவர் கையிலும் இதே கடிதம் இன்றே கொடுக்கப்படுகிறது. தங்கள் பொதுக் கிணற்றின் தண்ணீர் முறை, சைடு போர்ச் செலவு, மோட்டார் ரூம் சாவி ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுவதற்குத் தாங்கள் இருவரும் செப்டம்பர் 12, ஆவணி 27, வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மண்டபத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். பகல் 1 மணிக்கு முடித்துக்கொள்வோம். வருவது தங்கள் இஷ்டம். யாரையும் குற்றம் சொல்லவோ தீர்ப்புச் சொல்லவோ இந்தக் கூட்டம் இல்லை. ஆளுக்கு 20 நிமிஷம் முதலில் பேசலாம், அதுவரை மற்றவர் குறுக்கே பேசுவதில்லை. கூட இரண்டு பேர் வரலாம். குடித்துவிட்டு வருவதோ, பழைய குடும்பச் சமாசாரம் எடுப்பதோ வேண்டாம். இங்கே பேசுவதை வெளியே பேசுவதில்லை. இருவரும் ஒப்புக்கொண்டது மட்டுமே எழுதப்படும். பத்திரம், போர் போட்ட ரசீது இருந்தால் கொண்டு வரவும். அந்த நாள் தோதுப்படாவிட்டால் 8-ந் தேதிக்குள் சொல்லவும். அதுவரை பூட்டை எடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை நாலு மணி நேரம் மட்டும் என்று இருவரும் ஓட்டினால் நல்லது. அப்படி ஓட்டியதாலே யாருடைய பாத்தியமும் குறைந்ததாக ஆகாது. நான் மேல்காட்டாருக்கு மாமன் முறை என்பதை இருவரும் அறிவார்கள். அது காரணமாக வேறொருவர் இருக்க வேண்டுமானால் தயங்காமல் சொல்லவும்."

11 மணி என்று ஏன் வைத்தார்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை என்றால் எந்த நாளும் யாராவது ஒருவர் முறைதான். காலை இறைப்பு முடிந்து கிணறு ஊறிக்கொண்டிருக்கிற நேரமானால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மஞ்சள் ஏலம் நடக்கிற நாளும் முகூர்த்த நாளும் ஆகாது. 'வரும் ஞாயிறு' என்று எழுதினால் எந்த ஞாயிறு என்பதிலேயே இன்னொரு சண்டை வரும். இடமும் ஒருத்தர் வீட்டுத் திண்ணையாக இருக்கக் கூடாது. அங்கே காபி குடிக்க மற்றவருக்கு மனசு வராது.

'மூன்றையும்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அவர் குறை ஒன்று, இவர் குறை ஒன்று, செலவு ஒன்று. இரண்டு பேரும் தன் குறையைக் கடிதத்தில் பார்க்க வேண்டும். சொல்லும் 'தண்ணீர்த் திருட்டு' என்று இல்லாமல் 'தண்ணீர் முறை' என்று இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். பெயர்களை இடம் மாற்றிப் போட்டு வாசித்துப் பாருங்கள். மாமன் முறை வரி போக மற்ற எந்த வரியாவது உறுத்தினால் அந்த வரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

பத்திரம் எதற்கு என்று கேட்கலாம். நம் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் கிணறு, பம்புசெட், கரண்ட் சர்வீஸ் இவற்றில் பொதுவில் இத்தனை பாகம் என்று எழுதியிருப்பார்கள். பட்டா சம்சாரம் பேரிலோ தாயார் பேரிலோ இருந்தால் அந்த அம்மாவின் பேரையும் கடிதத்தில் எழுதித்தான் கூப்பிட வேண்டும். இது அடிக்கடி விட்டுப்போகிறது. அப்புறம் அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் பேசினதெல்லாம் வீண்.

அடிதடி நடந்து காயம் பட்டிருந்தால் அது போலீசுக்குப் போகிற விஷயம், அதை இந்தக் கடிதத்தில் சேர்க்கக் கூடாது. இன்னொன்று, ஊரில் பேசிக்கொண்டிருப்பதாலே வழக்குப் போடும் கெடு நின்றுவிடாது. வருஷக்கணக்கில் இழுத்தால் கெடு தாண்டிவிடும்.

ஒருவர் வரவில்லை என்றால்? வந்தவரோடு மட்டும் உட்கார்ந்து முடிவு எழுதக் கூடாது. இன்னொரு தேதி போட்டு அதே கடிதத்தை இருவருக்கும் ஒரு தரம் அனுப்பலாம். அதற்கும் வராவிட்டால் 'கூட்டம் நடக்கவில்லை' என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு, வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு மனுப் போடச் சொல்லலாம். நம் பக்கத்துக்கு ராசிபுரம். கோர்ட்டுக்குப் போகும் முன்பே தாவாவை மக்கள் நீதிமன்றத்தில் வைக்க 1987-ம் வருஷச் சட்டத்தில் இடம் இருக்கிறது, கட்டணமும் இல்லை. அங்கே இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு எழுதினால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. ஊரில் எழுதிக்கொண்ட காகிதத்துக்கு அந்த வலு இல்லை. அதனால் ஊரிலேயே சமாதானம் ஆனவர்களும் அதை அங்கே கொண்டுபோய்ப் பதிந்துகொள்வது உண்டு. அப்படிப் போகும்போது பத்திர நகலையும் போர் ரசீதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.